ஃபாலோயர் 14,000, ஆர்டர் அதே 70: ஒரு பொடி வியாபாரத்தின் கணக்கு

(டிசம்பர் மாதம் நம் கிளப் ஹவுஸில் நடந்த ‘வீட்டிலிருந்தே தொழில்’ சந்திப்பில், ஏ பிளாக்கில் வசிக்கும் நம் உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நுகர்பொருள் விற்பனைத் துறையில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை விட்டுக்கொடுத்து வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் டி பிளாக்கில் ஒரு பெண் பொடி வியாபாரம் செய்கிறார். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. உங்களில் பாதிப் பேர் வீட்டில் அவர் பொடி இருக்கும். இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். “கணக்கெல்லாம் சொல்லிக்கோங்க அங்கிள், பேர் மட்டும் நியூஸ்லெட்டர்ல வேண்டாம்” என்று அனுமதி கொடுத்திருக்கிறார். அவருக்கும் எனக்கும் செப்டம்பர் முதல் வாரத்தில் ஆரம்பித்து சில நாட்கள் நடந்த பேச்சைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அவர் என்னிடம் வந்தது இரண்டு கேள்விகளோடு. ஒன்று, ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆள் மாதம் 12,000 ரூபாய் கேட்கிறார், ஆறு மாதத்தில் 50,000 ஃபாலோயர் கொண்டுவருவதாகச் சொல்கிறார், கொடுக்கலாமா? இரண்டு, ஆர்டர் பெருகினால் சமாளிக்கப் பெரிய அரவை மெஷின் வேண்டும், 85,000 ரூபாய், நகையை வைத்து வாங்கலாமா?

நான் கேட்டேன், “ஆர்டர் பெருகியிருக்காம்மா?”

“இல்ல அங்கிள். ஆனா ஃபாலோயர் பெருகியிருக்காங்க. மார்ச்ல 1,900 பேர். இப்ப 14,200. இவ்ளோ பேர் வந்துட்டா ஆர்டர் வந்துதானே ஆகணும்?”

“மாசத்துக்கு எத்தனை ஆர்டர்?”

நோட்டைப் புரட்டினார். மார்ச் 71, ஏப்ரல் 68, மே 74, ஜூன் 66, ஜூலை 72, ஆகஸ்ட் 70. ஃபாலோயர் ஏழு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. ஆர்டர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சராசரியாக ஓர் ஆர்டர் கூரியர் நீங்கலாக 380 ரூபாய்.

அடுத்து, “இப்ப இருக்கற மெஷின்ல மாசம் எத்தனை ஆர்டருக்கு அரைக்க முடியும்?” என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “130 வரைக்கும் சமாளிக்கலாம்” என்றார். 70 ஆர்டர் வரும் இடத்தில் 130-க்கு மெஷின் இருக்கிறது. ஆகவே மெஷின் கேள்விக்கு அன்றைக்கே பதில் கிடைத்துவிட்டது. நகை பீரோவிலேயே இருக்கட்டும் என்று சொன்னேன். முதல் கேள்விக்குத்தான் நோட்டும் போனும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

கீழிருந்து மேலே பார்ப்பது

இந்த மாதிரி நேரத்தில் பொதுவாக எல்லாரும் மேலிருந்து கீழே பார்ப்பார்கள். 14,000 பேரில் நூற்றுக்கு ஒருவர் வாங்கினால்கூட 140 ஆர்டர் என்று கணக்குப் போடுவார்கள். அந்த ‘நூற்றுக்கு ஒருவர்’ எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. விற்பனையில் நாங்கள் பழகியது இதற்கு நேர் எதிர். காசு கொடுத்தவரிடமிருந்து ஆரம்பித்து, அவர் எந்த வழியாக வந்தார் என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

ஆகஸ்ட் மாத 70 ஆர்டர்களையும் எடுத்துக்கொண்டோம். 46 ஆர்டர் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பவர்கள் மறுபடி வாங்கியது. அது அவர் போனிலேயே தெரிந்தது. மீதி 24 புதியவர்கள். அவர்களுக்கு அவரே போன் செய்து, “பொடி நல்லா இருந்துச்சா? முதல்ல எங்களைப் பத்தி எப்படித் தெரிஞ்சது?” என்று கேட்டார். இரண்டு நாட்களில் முடிந்த வேலை. உறவினர், நண்பர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கேட்டு வாங்கியவர்கள் 13 பேர். நம் வளாகத்தில் ஆடி மாதம் போட்ட ஸ்டாலில் பார்த்தவர்கள் 6 பேர். இன்ஸ்டாகிராமில் பார்த்து வந்தவர்கள் 5 பேர்.

எழுபதில் ஐந்து. அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. “அப்ப ஆறு மாசமா ரீல் போட்டதெல்லாம் வீணா?” என்றார்.

வீணா இல்லையா என்று அந்த ஓர் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. ஐந்து என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். வாங்கக்கூடிய ஆட்களே வராமல் இருந்திருக்கலாம். அல்லது, வந்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. முதல் கோளாறுக்குப் போடும் வீடியோ மாற வேண்டும். இரண்டாவதற்கு வீடியோவை மாற்றிப் பயனில்லை. விலை, பதில் சொல்லும் விதம், அனுப்பும் முறை மாற வேண்டும். எது என்று தெரியாமல் 12,000 கொடுத்தால், ஓட்டை வாளியில் இன்னும் வேகமாகத் தண்ணீர் ஊற்றியதாகத்தான் ஆகும்.

வந்தவர்கள் யார்?

முதலில் ஆட்களைப் பார்த்தோம். இன்ஸ்டாகிராமில் கணக்கை வியாபாரக் கணக்காக மாற்றி வைத்திருந்தால் ‘இன்சைட்ஸ்’ என்று ஒரு பகுதி கிடைக்கும். ஃபாலோயர்கள் எந்த ஊர், என்ன வயது, எந்தப் பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் சேமித்து வைத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இலவசம்தான். பலர் அதில் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

கூடுதலாக வந்த 12,300 பேர் ஆறு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வரவில்லை. ஜூன் மாதத்தில் ஒரே ஒரு ரீலுக்குப் பிறகு சுமார் 8,000 பேர். ஜூலையில் ஒரு பரிசுப் போட்டிக்குப் பிறகு சுமார் 2,600 பேர். மற்றபடி மெதுவாகச் சேர்ந்தவர்கள் 1,700 பேர்தான்.

“அந்த ஜூன் ரீல்ல என்ன இருந்துச்சும்மா?”

“கறிவேப்பிலைப் பொடி செய்முறை அங்கிள். நாப்பது செகண்ட். நாலு லட்சம் பேர் பார்த்தாங்க!” என்று பெருமையாகப் போட்டுக் காட்டினார். அருமையான வீடியோ. எவ்வளவு கறிவேப்பிலை, எவ்வளவு உளுந்து, எந்தப் பக்குவத்தில் இறக்க வேண்டும் என்று அழகாகச் சொல்லியிருந்தார். ஆயிரக்கணக்கானோர் அதைச் சேமித்து வைத்திருந்தார்கள்.

நான் கேட்டேன், “இதைச் சேமிச்சு வச்சவங்க அடுத்து என்ன செய்வாங்க?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே சொன்னார், “வீட்ல செய்வாங்க.”

விஷயம் அங்கேதான் இருக்கிறது. பொடியைக் காசு கொடுத்து வாங்குபவர் யார்? வறுத்து அரைக்க நேரம் இல்லாதவர், ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்புபவர், வயதாகி வேலை செய்ய முடியாதவர். செய்முறையைச் சேமித்து வைப்பவர் யார்? தானே செய்து பார்க்க ஆசைப்படுபவர். சமையலில் ஆர்வம் உள்ளவர்கள்தான், நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் இந்தப் பெண்ணுக்கு வாடிக்கையாளர்கள் இல்லை. தையல் கற்றுக்கொடுப்பதைப் பார்க்கக் கூடும் கூட்டமும், பிளவுஸ் தைக்கக் கொடுக்க வரும் கூட்டமும் வேறு வேறு என்பது மாதிரி.

பரிசுப் போட்டியில் வந்த 2,600 பேர் கதையும் இதுதான். ‘ஃபாலோ செய்து மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள், ஒருவருக்கு ஒரு கிலோ பொடி இலவசம்’ என்பது போட்டி. வந்தவர்கள் இலவசத்துக்கு வந்தவர்கள். போட்டி முடிந்ததும் அவர்களுக்கு அந்தப் பக்கத்தில் வேலை இல்லை.

பிறகு ஊர். இன்சைட்ஸில் முதல் ஐந்து ஊர்களாகக் காட்டியது சென்னை, கோவை, பெங்களூரு, கொழும்பு, கோலாலம்பூர். சென்னைக்காரர்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர்தான். இவரோ வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை.

இன்னொன்றும் உண்டு. 14,200 ஃபாலோயர் என்றால் நாம் போடும் ஒவ்வொரு பதிவும் 14,200 பேருக்குப் போய்ச் சேரும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. யாருக்கு எதில் ஆர்வம் என்று அந்தச் செயலி கணித்து, அதன்படிதான் காட்டுகிறது. இவர் சாதாரணமாகப் போடும் ‘இன்று புதிதாக அரைத்த பருப்புப் பொடி’ பதிவுகளை 600, 900 பேர்தான் பார்த்திருந்தார்கள். ஃபாலோயர் 1,900 இருந்தபோதும் ஏறத்தாழ அதே அளவுதான். அதாவது, வாங்கும் செய்தி போய்ச் சேரும் கூட்டம் பெருகவே இல்லை.

வாசல் வரை வந்து திரும்பியவர்கள்

இத்தோடு நிறுத்தியிருந்தால், ‘தப்பான ஆட்கள் வந்திருக்கிறார்கள்’ என்று முடிவு கட்டியிருப்போம். அது பாதி உண்மைதான். ஆகஸ்ட் மாதத்தில் இன்ஸ்டாகிராம் வழியாக எத்தனை பேர் விலை கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணச் சொன்னேன். எண்ணினால் 112 பேர். அவர்களில் வாங்கியவர்கள் 5 பேர்.

“112 பேர் கேட்டாங்களாம்மா? நம்ம மளிகைக் கடைக்கு 112 பேர் வந்து விலை கேட்டு, அஞ்சு பேர் மட்டும் வாங்கிட்டுப் போனா, அந்த அண்ணாச்சி என்ன செய்வாரு?”

“கல்லாவுக்கு வெளிய வந்து நின்னு பாப்பாரு அங்கிள்.”

நாங்களும் அதைத்தான் செய்தோம். 112 உரையாடல்களையும் ஒவ்வொன்றாகப் படித்தோம். இரண்டு மணி நேரம் ஆனது. அந்தப் பேச்சு எந்த இடத்தில் நின்றுபோனது என்று மட்டும் பார்த்து, ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே போனோம்.

வெளிநாட்டிலிருந்து கேட்டவர்கள் 31 பேர். செய்முறையிலோ வேறு எதிலோ சந்தேகம் கேட்டவர்கள் 9 பேர். இந்த 40 பேரை விட்டுவிடலாம். அடுத்த 38 பேர், ‘விலை என்ன?’ என்று கேட்டு, பதில் போன பிறகு எட்டிப் பார்க்காதவர்கள். நேரத்தைப் பார்த்தோம். அவர்கள் கேட்டது பெரும்பாலும் காலை பதினொன்றிலிருந்து மாலை நான்குக்குள். இவர் பதில் போட்டது குழந்தைகளைத் தூங்கவைத்த பிறகு, இரவு ஒன்பதரைக்கு மேல். மத்தியானம் சாப்பிடும்போது பொடி ஞாபகம் வந்து கேட்டவருக்கு, ராத்திரி பத்து மணிக்கு அந்த ஞாபகம் இருக்காது.

இன்னொரு 29 பேருக்கு விலையும் சொல்லியாகிவிட்டது, கூரியர் செலவும் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு மௌனம். இதில் ஒரு பெண்மணி மட்டும் மனதில் பட்டதை எழுதியிருந்தார்: ‘160 ரூபா பொடிக்கு 60 ரூபா கூரியரா?’ மற்ற 28 பேர் எழுதாமல் போய்விட்டார்கள். மீதி 5 பேர் வாங்கினார்கள்.

ஆக, 38-ம் 29-ம் சேர்த்து 67 பேர். பக்கத்தைத் தேடி வந்து, விலை கேட்டு, பொடி அனுப்பக்கூடிய ஊரில் இருந்துகொண்டு, வாங்காமல் போனவர்கள். மாதம் முழுவதும் வருகிற மொத்த ஆர்டரே 70 என்பதை நினைத்துப் பாருங்கள். புதிதாக ஒரு ஃபாலோயர்கூட வேண்டியதில்லை. இந்த 67 பேரில் மூன்றில் ஒருவர் வாங்கினாலே வியாபாரம் மாறிவிடும்.

12,000 ரூபாய்க் கேள்வி

இப்போது முதல் கேள்விக்கு வந்தோம். ஒரு 250 கிராம் பாக்கெட் 160 ரூபாய். பருப்பு, மிளகாய், எண்ணெய், காஸ், கவர், லேபிள், வறுக்க வரும் இரண்டு பெண்களுக்குக் கிலோ கணக்கில் கொடுக்கும் கூலி எல்லாம் சேர்த்து 105 ரூபாய் ஆகிறது. கையில் நிற்பது 55 ரூபாய். சராசரி 380 ரூபாய் ஆர்டருக்குச் சுமார் 130 ரூபாய்.

12,000-ஐ 130-ஆல் வகுத்தால் 92. அந்த மார்க்கெட்டிங் ஆளுக்குக் கொடுக்கும் காசு திரும்பி வரவே மாதம் 92 ஆர்டர் கூடுதலாக வர வேண்டும். 12,300 ஃபாலோயர் கூடியும் ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் வழியாக வந்தது 5 ஆர்டர். லாபம் 650 ரூபாய். அவர் இந்தக் கணக்கைத் தன் கையாலேயே போட்டார். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஆள் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஃபாலோயர் கொண்டுவருவதாகத்தான் சொன்னார், கொண்டுவந்தும் விடலாம். விற்பனையைக் கொண்டுவருவதாக அவர் சொல்லவில்லை. நாம்தான் இரண்டையும் ஒன்றாகக் கேட்டுக்கொள்கிறோம்.

என்ன மாற்றினோம்

முதலில் பதில். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் ஒவ்வொரு பொடிக்கும் படம், விலையோடு ‘கேட்டலாக்’ போட்டார். ‘குவிக் ரிப்ளை’ என்று ஒரு வசதி உண்டு. விலைப்பட்டியல், கூரியர் செலவு, எத்தனை நாளில் வரும் என்பதை ஒரு முறை எழுதி வைத்துவிட்டால், `/rate` என்று தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். அடுப்பில் கை இருந்தாலும் பத்து நொடியில் அனுப்பிவிடலாம். இன்ஸ்டாகிராமில் ‘விலைக்கு மெசேஜ் செய்யவும்’ என்று எழுதியிருந்ததை எடுத்துவிட்டு, விலையையே எழுதினார். கூடவே, ‘இந்தியாவுக்குள் மட்டும் அனுப்புகிறோம்’ என்ற ஒரு வரி.

அடுத்தது கூரியர். முதலில் அவர், “கூரியர் ஃப்ரீன்னு போட்டுடட்டுமா அங்கிள்?” என்றார். ஒரு பாக்கெட்டில் நிற்பது 55 ரூபாய், கூரியர் 60 ரூபாய். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 5 ரூபாய் கையை விட்டுப் போகும். அது வேண்டாம்.

அவருடைய கூரியர்க்காரர் தமிழ்நாட்டுக்குள் அரைக் கிலோ வரை 60 ரூபாயும், ஒரு கிலோ வரை 90 ரூபாயும் வாங்குகிறார். இரண்டு பாக்கெட் போட்டால் சரியாக அரைக் கிலோ. ஆனால் அட்டைப்பெட்டி எடையும் சேர்ந்து அரைக் கிலோவைத் தாண்டிவிடும், 90 ரூபாய் ஆகிவிடும். மூன்று பாக்கெட் போட்டாலும் பெட்டியோடு சேர்த்து ஒரு கிலோவுக்குள்தான், அதே 90 ரூபாய்தான். ஆகவே மூன்று பொடி சேர்ந்த ஒரு பெட்டி. 480 ரூபாயும் கூரியர் 90-ம் சேர்த்து 570 ரூபாய் என்று ஒரே விலையாகப் போட்டார். ஒற்றைப் பாக்கெட் வாங்கினால் கூரியரோடு 220 ரூபாய். பெட்டியாக வாங்கினால் ஒரு பாக்கெட் 190 ரூபாய். வாங்குபவருக்கு 30 ரூபாய் குறைகிறது. இவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. ஓர் ஆர்டரில் 165 ரூபாய் நிற்கிறது. ஒற்றைப் பாக்கெட்டை நிறுத்தவில்லை, அதுவும் பட்டியலில் இருக்கிறது.

மூன்றாவது, வீடியோ. செய்முறை வீடியோ மாதம் ஒன்று போதும் என்று வைத்துக்கொண்டார். மற்றவற்றில் வாங்குபவரைக் காட்டினார். ஹாஸ்டல் பையனுக்குப் போகும் பெட்டியில் என்னென்ன வைக்கிறோம், இரவு எட்டு மணிக்கு வேலையிலிருந்து வருபவர் பத்து நிமிடத்தில் சூடான சாதத்தில் என்ன பிசைந்து சாப்பிடலாம், இப்படி. கடைசி மூன்று நொடியில் விலை. இவற்றுக்கு லட்சம் பார்வை வரவில்லை, இரண்டாயிரம், மூவாயிரம்தான்.

நான்காவது, எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன வழி. வாட்ஸ்அப்பில் நேராகக் கொண்டுவிடும் இணைப்பை இப்படி எழுதலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Podi-Insta
```

எக்ஸ் உள்ள இடத்தில் உங்கள் எண்ணைப் போடுங்கள். இதைத் தொட்டால் வாட்ஸ்அப் திறந்து, அனுப்ப வேண்டிய இடத்தில் `Podi-Insta` என்று தயாராக எழுதியிருக்கும். அவர் அனுப்பினால், இன்ஸ்டாகிராமிலிருந்து வந்தவர் என்று தெரிந்துவிடும். நோட்டீஸில் அச்சிடும் கியூஆர் கோடுக்கு `Podi-Stall` என்று வேறு சொல் வைத்துக்கொள்ளலாம். சிலர் அதை அழித்துவிட்டு வேறு எழுதுவார்கள். அவர்களிடம் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்று மாதக் கணக்கு

செப்டம்பரில் மொத்தம் 79 ஆர்டர், அக்டோபரில் 96, நவம்பரில் 91. அக்டோபர் எண்ணைப் பார்த்துக் குதித்தார். தீபாவளி நேரம், எல்லாருக்கும்தான் விற்பனை கூடும், அதை நம் திறமையில் சேர்க்க வேண்டாம் என்றேன். நாங்கள் பார்த்தது இன்ஸ்டாகிராம் வழியாக வந்த ஆர்டர்களை மட்டும். ஆகஸ்டில் 5 இருந்தது செப்டம்பரில் 14, அக்டோபரில் 19, நவம்பரில் 22.

செப்டம்பர் நடுவில் பயந்துபோய் ஒரு நாள் வந்தார். “அங்கிள், விலை கேக்கறவங்களே குறைஞ்சுட்டாங்க!” உண்மைதான். 112 பேர் கேட்ட இடத்தில் செப்டம்பரில் 74 பேர்தான் கேட்டார்கள். விலையை எழுதி வைத்துவிட்டோம் அல்லவா, சும்மா விலை தெரிந்துகொள்ளக் கேட்டவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் இப்போது கேட்பதில்லை. விசாரிப்பு குறைந்து ஆர்டர் கூடினால் அது நல்ல அறிகுறி. இரண்டும் சேர்ந்து குறைந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஃபாலோயர் எண்ணிக்கை? 14,200 இருந்தது இப்போது 13,900. முந்நூறு பேர் போய்விட்டார்கள். நோட்டில் அது எங்கும் தெரியவில்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்டால் மக்கள் கடைசியாகக் கேள்விப்பட்ட இடத்தைத்தான் சொல்வார்கள். இன்ஸ்டாகிராமில் நாலு முறை பார்த்துவிட்டு, பிறகு அக்கா வீட்டில் சாப்பிட்டுப் பார்த்து வாங்கியவர், ‘அக்கா சொன்னாங்க’ என்றுதான் சொல்வார். ஆகவே ஐந்து என்பது ஏழாகவோ எட்டாகவோ இருந்திருக்கலாம். ஆனால் அது நிச்சயமாக ஐம்பது இல்லை. முடிவெடுக்க அவ்வளவு போதும். அதே போல, நாலு மாற்றத்தையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் செய்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நவம்பரில் இன்ஸ்டாகிராம் வழி வந்த 22 ஆர்டரில் 15 மூன்று பொடிப் பெட்டிதான். கூரியர்தான் பெரிய தடையாக இருந்தது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

மெஷின் விஷயம் இப்போது எங்கே நிற்கிறது? தொடர்ந்து மூன்று மாதம் 115 ஆர்டருக்கு மேல் வந்தால் வாங்கலாம் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார். அதுவும் தீபாவளி மாதத்தைச் சேர்க்காமல். வறுக்க வரும் இரண்டு பெண்களுக்கும் வேலை நாள் கொஞ்சம் கூடியிருக்கிறது.

கேட்ட கேள்விகள்

*பி பிளாக் உறுப்பினர் ஒருவர்:* சார், அப்படின்னா ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாமா?

பாருங்கள், ஆனால் ஊரோடு சேர்த்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பக்கூடிய ஊரில் எத்தனை பேர், அவர்கள் எந்தப் பதிவுக்குப் பிறகு வந்தார்கள். நூறு பேர் கூடினார்கள் என்றால், அதே வாரத்தில் விலை கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு எண்ணும் சேர்ந்து நகர்ந்தால் அந்தக் கூட்டம் உங்கள் கூட்டம்.

*சி பிளாக்கில் ஆரி வேலைப்பாடு செய்யும் உறுப்பினர்:* எனக்கு 3,000 பேர் இருக்காங்க சார். ஆனா யாரும் விலையே கேக்கறதில்லை. கேட்டாத்தானே எங்க நின்னுதுன்னு பாக்கறது?

உங்கள் கோளாறு ஒரு படி மேலே இருக்கிறது அம்மா. உங்கள் பக்கத்தைத் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்து, ‘இவங்க என்ன விக்கறாங்க, எந்த ஊரு, எப்படி வாங்கறது?’ என்று கேட்டுப் பாருங்கள். வெறும் வேலைப்பாட்டுப் படங்கள் மட்டும் இருந்தால், பார்ப்பவர்கள் அதைக் கலையாகப் பார்த்து லைக் போட்டுவிட்டுப் போவார்கள். கூலிக்குச் செய்து கொடுப்பவர் என்றே பலருக்குத் தெரிந்திருக்காது. பிளவுஸ் கைக்கு மட்டும் இவ்வளவு, முழுதாக இவ்வளவு, எத்தனை நாள் முன்னால் துணி கொடுக்க வேண்டும் என்று எழுதி ஒரு மாதம் பாருங்கள். அதற்குப் பிறகும் யாரும் கேட்கவில்லை என்றால், உங்களைப் பின்தொடர்பவர்கள் தைக்கக் கொடுப்பவர்களா, இல்லை தாங்களே தைப்பவர்களா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நாங்கள் கோடு போட்ட அந்தத் தாளின் மாதிரி, நாலு பத்திகளோடு, சங்க அலுவலகத்தில் இருக்கிறது: வெளியூர், பதில் தாமதம், விலையில் நின்றது, வாங்கியது. வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற மாதத்து விசாரிப்புகளை மட்டும் எடுத்து நிரப்பிக்கொண்டு ஜனவரி சந்திப்புக்கு வாருங்கள். அவரவர் தாளை வைத்துக்கொண்டு பேசலாம்.